நேர்காணல் பயணச் செலவுக் கடிதம்: கேள்வி பதில்

பதில் அளிப்பவர் பெங்களூரில் ஆள்சேர்ப்புப் பிரிவின் பயண ஏற்பாட்டு மேசையில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, தற்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிப்பவர்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெண்: ஐயா, வியாழக்கிழமை காலை 10 மணிக்கு பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எனக்கு இறுதிச் சுற்று. "சென்று திரும்ப மூன்றடுக்குக் குளிர்சாதன ரயில் அல்லது குளிர்சாதனப் பேருந்துக் கட்டணம், உண்மைச் செலவின்படி, வரம்புக்கு உட்பட்டுத் திருப்பித் தரப்படும், ஓர் இரவு தங்குமிடத்தை நாங்களே பதிவு செய்வோம், உள்ளூர்ப் பயணத்துக்கு 1,200 ரூபாய் வரை, 15 நாள்களுக்குள் ரசீதுகளை அனுப்பவும்" என்று எழுதியிருக்கிறார்கள். ரயிலில் இடம் இல்லை. புதன் இரவு பேருந்தில் கிளம்பலாம் என்றிருக்கிறேன். நான் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: பணத்தைவிட முதலில் அந்த "ஓர் இரவு" எந்த இரவு என்பதைக் கேளுங்கள் அம்மா. பயண மேசையில் இருப்பவர் நேர்காணல் தேதியைப் பார்த்து, வியாழன் நண்பகல் முதல் வெள்ளி நண்பகல் வரை அறையைப் பதிவு செய்துவிடுவது வழக்கம். நீங்களோ வியாழன் விடியற்காலையில் போய் இறங்குவீர்கள். பெரும்பாலான விடுதிகளில் அறை தருவது 12 மணிக்கோ 2 மணிக்கோதான் என்பதால், குளித்து உடை மாற்ற வேண்டிய நேரத்தில் வரவேற்பு அறைச் சோபாவில் பெட்டியோடு உட்கார்ந்திருக்க நேரிடும். முன்கூட்டியே அறை வேண்டுமென்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். நிறுவனம் முன்னரே ஒப்புக்கொள்ளாத வரையில் அது உங்கள் தலையில்தான் விழும்.

எனவே அறையைப் புதன்கிழமை முதல் பதிவு செய்யும்படி இன்றே பதில் எழுதுங்கள். அதோடு, "விருந்தினர் வியாழன் அதிகாலையில்தான் வந்து சேருவார்" என்ற குறிப்பை விடுதிக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் குறிப்பு இல்லாவிட்டால், புதன் இரவு நீங்கள் வரவில்லை என்று கருதி விடுதிக்காரர் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும். நேர்காணல் நாளன்று காலையில் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் இந்தப் புகார்தான் அதிகம்.

அடுத்தது, பயணம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. உங்கள் சுயவிவரத்தில் சென்னை முகவரி இருந்தால் கணக்குப் பிரிவு சென்னையிலிருந்துதான் கணக்கிடும். தற்போது கடலூரில் இருப்பதாக அதே பதிலில் தெரிவித்துவிடுங்கள். "வரம்புக்கு உட்பட்டு" என்ற சொற்களுக்குப் பின்னால் ஒரு தொகை இருக்கிறது. பேருந்துக்கு ஒரு வழிக்கு எவ்வளவு வரை என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், இந்தப் பணம் எவ்வளவு வரும் என்பது நீங்கள் ரசீது அனுப்பும் நாளில் முடிவாவதில்லை. கிளம்பும் முன் உங்கள் மின்னஞ்சலுக்கு அவர்கள் "சரி" என்று எழுதும் வரியிலேயே முடிவாகிவிடுகிறது. தொலைபேசியில் சொன்ன சம்மதத்தைக் கணக்குப் பிரிவு அறியாது.

அதே பெண்: ரசீதுகளை எப்படிக் காட்டுவது என்பதை ஓர் உதாரணக் கணக்கோடு சொல்ல முடியுமா? ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காதே?

பதில்: தொகைகளை நானே வைத்துக்கொள்கிறேன். போகும் பேருந்து 1,100 ரூபாய், திரும்பும் பேருந்து 1,250 ரூபாய். மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்து பேருந்து ஏறும் இடம் வரை ஆட்டோ 120. ஓசூர் வழியாக வரும் பேருந்தில் சில்க் போர்டில் இறங்கி, விடுதி வரை செயலி டாக்ஸி 520. விடுதியிலிருந்து அலுவலகம் 130. மாலையில் மீண்டும் சில்க் போர்டு 480. மொத்தச் செலவு 3,600 ரூபாய்.

பேருந்துக் கட்டணம் 2,350, அவர்கள் சொல்லும் வரம்பைத் தாண்டாவிட்டால் முழுமையாக வரும். ஆனால் பதிவுச் செயலி தானாகவே சேர்க்கும் பயணக் காப்பீடு, நன்கொடை போன்றவற்றை வெட்டிவிடுவார்கள். பதிவு செய்யும்போதே அந்தக் குறிகளை எடுத்துவிடுங்கள். பெங்களூரில் ஓடிய டாக்ஸி 1,130 ரூபாய்; இது உள்ளூர்ப் பயணத்துக்கான 1,200 ரூபாய் வரம்புக்குள் அடங்கும். கடலூர் ஆட்டோவையும் சேர்த்தால் 1,250 ஆகி, 50 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். சில நிறுவனங்களில் "உள்ளூர்" என்பது நேர்காணல் நடக்கும் ஊர் மட்டுமே. அங்கே அந்த 120 முழுவதுமே கணக்கில் சேராது. ரசீது இல்லாத ஆட்டோவுக்கு நாள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், தொகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாளைப் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள். யுபிஐ வழியாகக் கொடுத்திருந்தால் அந்தத் திரைப்பதிவையும் இணையுங்கள். டாக்ஸிக்கு மட்டும் பணம் கட்டிய திரைப்பதிவு போதாது. செயலி மின்னஞ்சலில் அனுப்பும், வழித்தடம் குறிப்பிட்ட ரசீதே வேண்டும்.

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர்: கம்பெனி பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லாத எந்த பில்லுக்கும் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டார்கள். என் அண்ணன் விமானத்தில் போய்வந்து பட்ட அனுபவம் இது. அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

பதில்: பாதி உண்மை. ஜிஎஸ்டி எண்ணோடு பில் இருந்தால் நிறுவனம் அந்த வரியைத் தன் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். அதனால்தான் விமான டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் அதை வற்புறுத்துகிறார்கள். விடுதி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கே நிறுவனத்துக்கும் ஜிஎஸ்டி பதிவு இருந்தால்தான் அந்த ஈடு கிடைக்கும். எண் இல்லாத ரசீதால் நிறுவனத்துக்கு வரி நட்டமே தவிர, உங்கள் செலவைத் தரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தருவதும் மறுப்பதும் நிறுவனத்தின் உள்விதி. எண்ணைப் பதிவு செய்யும்போதே உள்ளிட வேண்டும், பிறகு சேர்ப்பது கடினம் என்பதால், அவர்கள் கேட்டால் டிக்கெட் எடுக்கும் முன்பே எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் அண்ணனுக்குத் தடையானது போர்டிங் பாஸாகவும் இருந்திருக்கலாம். டிக்கெட் வாங்கியதற்குத்தான் பில் சான்று. பயணம் செய்ததற்கு போர்டிங் பாஸ்தான் சான்று. செல்பேசியில் இருப்பது பயணம் முடிந்ததும் மறைந்துவிடலாம் என்பதால் உடனே சேமித்து வைக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு விமானப் பயணத்தில் இன்னொரு இடறல் உண்டு. சென்னை விமான நிலையம் போக வாடகைக் கார் எடுத்தால், போகவரக் கிலோமீட்டர், ஓட்டுநர் படி, சுங்கம் என்று சேர்ந்து சில வேளைகளில் விமானக் கட்டணத்தையே மிஞ்சிவிடும். இது "உள்ளூர்ப் பயண" வரம்பில் அடங்காது. இதற்குத் தனியாக எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்; அல்லது பேருந்தில் கிளாம்பாக்கத்தில் இறங்கி அங்கிருந்து போங்கள்.

லாஸ்பேட்டைக்காரர்: போர்டிங் பாஸை அண்ணன் கொடுத்ததாகத்தான் சொல்கிறார். கேட்டுப் பார்க்கிறேன்.

நெய்வேலியிலிருந்து ஒரு தந்தை: என் மகனுக்கு ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் நேர்காணல். அவர்களிடமும் மூன்றடுக்கு ஏசி, ஹோட்டல் என்று கேட்டு எழுதலாமா?

பதில்: எழுதிப் பயன் இல்லை ஐயா. அங்கே எந்த வகுப்பு, யாருக்கு என்பதெல்லாம் அழைப்புக் கடிதத்திலேயே தீர்மானமாக இருக்கும். மிகக் குறுகிய வழித்தடத்துக்கு மட்டுமே கட்டணம் தருவார்கள். படிவத்தை நிரப்பி, டிக்கெட் நகலும் வங்கி விவரமும், கேட்டிருந்தால் சாதிச் சான்றிதழ் நகலும் சேர்த்து, நேர்காணல் நாளன்றே அங்குள்ள மேசையில் கொடுத்துவிட வேண்டும்.

வில்லியனூரிலிருந்து ஒருவர்: குடும்பத்தோடு ஐதராபாத் போகிறோம். பீரோ, கட்டில் எல்லாம் லாரியில் ஏற்றும் செலவை இதே முறையில் கேட்கலாமா?

பதில்: நீங்கள் கேட்பது வேலையில் சேர்ந்தபின் வரும் இடமாற்றச் செலவு. அது பணி நியமனக் கடிதத்தைப் பொறுத்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு இளைஞர்: அண்ணா, எனக்கு வந்த கடிதத்தில், அவர்கள் சொல்லும் டிராவல்ஸ் கணக்கில் 8,500 ரூபாய் கட்டினால் டிக்கெட்டும் ரூமும் போட்டுத் தருவார்களாம், நேர்காணல் அன்று கையில் திருப்பித் தருவார்களாம். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. செலவைத் திருப்பித் தரும் நிறுவனம், டிக்கெட்டை நீங்கள் விரும்பிய இடத்தில் எடுக்க விடும், அல்லது தன் பணத்தில் தானே எடுக்கும். குறிப்பிட்ட ஒரு கணக்கில் நீங்கள் முன்பணம் கட்ட வேண்டும் என்பது மோசடிக்காரர்களின் வழி. மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் இணைய முகவரிதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் தளத்தில் உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். முன்பே கட்டியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். அதே வேளையில், செலவைத் தருவதற்காக பான் எண்ணையும் ரத்து செய்த காசோலை நகலையும் கேட்டால் அஞ்ச வேண்டாம். அது இயல்பான நடைமுறை. ஓடிபியும் யுபிஐ ரகசிய எண்ணும் யாருக்கும் தேவைப்படாது.

மஞ்சக்குப்பத்துப் பெண்: இன்னொரு ஐயம் ஐயா. திரும்பி வர ரயிலில் தட்கல் எடுத்த பிறகு அவர்களே நேர்காணலைத் தள்ளிவைத்தால்?

பதில்: உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. தள்ளிவைத்தது நிறுவனம் என்பதால் அந்த நட்டத்தை அவர்கள் ஏற்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கடிதம் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஏற்ற நிறுவனங்களையும் கைவிரித்த நிறுவனங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே தட்கல் கூடுதல் கட்டணம் ஏற்கப்படுமா, அவர்களால் தேதி மாறினால் ரத்துச் செலவு யாருடையது என்ற இரண்டையும் அந்த முதல் பதிலிலேயே கேட்டுவிடுங்கள்.

லாஸ்பேட்டைக்காரர்: இப்படியெல்லாம் கேட்டால் வேலைக்கு வருமுன்பே கணக்குப் பார்க்கிறாள் என்று நினைக்கமாட்டார்களா?

பதில்: நினைப்பவர் ஒருவர் எங்கேனும் இருக்கலாம், இல்லை என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த மின்னஞ்சலைப் படிப்பவர் பெரும்பாலும் பயண மேசைக்காரர்தான், நேர்காணல் செய்பவர் அல்ல. நான்கு கேள்விகளையும் ஒரே மின்னஞ்சலில் கேட்பதும், நாலு முறை தனித்தனியாக எழுதாமலிருப்பதும் நல்லது.

காராமணிக்குப்பத்திலிருந்து ஒருவர்: எல்லா ரசீதும் அனுப்பி ஒன்றரை மாதம் ஆகிறது. வேலையும் கிடைக்கவில்லை. தேர்வாகாததால்தான் பணத்தை நிறுத்திவிட்டார்களா?

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். முதலில் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். "பணியில் சேர்பவர்களுக்கு மட்டும்" என்ற வரி அதில் இருந்தால் எதுவும் செய்ய இயலாது. இல்லையென்றால், ஆள்சேர்ப்பவரிடம் "பணம் எப்போது வரும்" என்று கேட்பதை விட்டு, கோரிக்கை எண்ணைக் கேளுங்கள். பணம் போடுவது அவர் அல்ல, கணக்குப் பிரிவு. எண் இல்லை என்றால் உங்கள் ரசீதுகள் அவருடைய மின்னஞ்சலைத் தாண்டவே இல்லை என்று பொருள். எண் இருந்தும் நின்றிருந்தால், வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தந்தை பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுப் பெயராகவும் இருப்பதால் நம் பக்கத்தவர்களின் கோரிக்கை நிற்பது சாதாரணம். அப்படியானால் இரண்டின் நகலையும் அனுப்பி, அந்தக் கோரிக்கை எண்ணைக் குறிப்பிட்டு, பெயரைத் திருத்தச் சொல்லி எழுதுங்கள்.