ஜன்னலோரம் வைத்த எண்ணெய் கறுத்தது ஏன்?

கீழக்கரையில் இருக்கிறோம். செக்குக் கடலை எண்ணெயை அடுப்படி ஜன்னலோரம் கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்தோம். கறுத்துக் கலங்கிவிட்டது, படம் போட்டிருக்கிறேன். கெட்டுவிட்டதா?

கலங்கலைப் பற்றி முதலில். குளிரில் கடலை எண்ணெய் கலங்கும், ஆனால் கீழக்கரையில் அந்தக் குளிர் ஏது? ஒன்று பிண்ணாக்குக் கசடு, இல்லை ஈரம். இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் படிந்தால் கசடு. ஒரு கரண்டியைச் சூடாக்கும்போது படபடவென்று வெடித்தால் தண்ணீர்.

கறுப்புக்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சம் எண்ணெயின் நிறத்தை வெளுக்கத்தான் செய்யும்; கறுக்க வைப்பது அடுப்புச் சூடு. படத்தில் அடியில் மசாலாத் துகள் போலத் தெரிகிறது. மீன் பொரித்த மிச்சத்தை இதிலேயே ஊற்றினீர்களா? எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது. ஏற்கெனவே காய்ந்த எண்ணெய் கொஞ்சம் சேர்ந்தாலே, நல்ல எண்ணெயும் சீக்கிரம் கெடும்.

வெயில் செய்யும் கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயிலுள்ள பச்சையம் ஒளியை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிடுகிறது. அதில் முதலில் உண்டாகும் பெராக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது உடைந்த பிறகுதான் சிக்கு வாடை வரும். அதனால் பளிச்சென்று வெளுத்த எண்ணெயும் கெட்டிருக்கலாம். படம் அதைக் காட்டாது.

இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் மாதிரி அடித்தால் கொட்டிவிடுங்கள், காய்ச்சினாலும் சரியாகாது. அடுத்த எண்ணெயை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.