க்ராட்டம் இலையும் எல்லைக்கு இரண்டு பக்கச் சட்டமும்

கேள்வி: க்ராட்டம் என்பது என்ன, அபின் மாதிரியா? தாய்லாந்தில் ரோட்டோரம் விற்கிறார்கள், மலேசியாவில் பிடித்து உள்ளே போடுகிறார்களாமே, ஏன்?

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் பல வீடுகளில் ஒருவராவது மலேசியாவில் இருப்பார், அதனால் கடையிலும் இதைக் கேட்பார்கள். அங்கே இதற்குக் கெத்தும் என்று பெயர்.

காப்பிச் செடி குடும்பத்து மரம் இது. நம் ஊர் நீர்க்கடம்புக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் நீர்க்கடம்பில் இந்தப் போதைச் சரக்கு கிடையாது. தென் தாய்லாந்திலும் வட மலேசியாவிலும் வெயிலில் வேலை செய்கிறவர்கள் நரம்பை உரித்துவிட்டு இலையை மெல்லுவார்கள், இல்லையென்றால் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். கொஞ்சமாக எடுத்தால் சுறுசுறுப்பு. கூடினால் மயக்கம், வலி மரத்துப்போகும்.

இலையின் முக்கியமான பொருள் மிட்ராகைனின். அபினில் இருக்கும் மார்ஃபின் மூளையில் போய் உட்காரும் அதே 'மியூ' ஏற்பியில்தான் இதுவும் உட்காருகிறது. மார்ஃபின் ஃபேன் ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பும் என்றால், இது இரண்டு மூன்றோடு நின்றுவிடும். மூச்சு அடங்கிப்போவது குறைவாக இருக்க இதுதான் காரணம் என்கிறார்கள். குறைவுதான், இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். தினம் குடிப்பவர் திடீரென்று விட்டால் மூக்கு ஒழுகும், உடம்பு வலிக்கும், தூக்கம் வராது. அபின் விட்டவர் படுகிற பாடுதான், பெரும்பாலும் லேசாக.

கல்லீரல் இதில் ஒரு பகுதியை 7-ஹைட்ராக்ஸிமிட்ராகைனின் ஆக மாற்றும். அது பல மடங்கு வீரியம். இலையில் அது துளியூண்டுதான். அமெரிக்காவில் அதை மட்டும் செறிவாக்கி மாத்திரையாக விற்கிறார்கள். அந்த மாத்திரையை இலையோடு ஒன்றாக வைத்துப் பேசுவதே தப்பு.

சரி, சட்டம். அபினைப் போல க்ராட்டம் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தங்களில் இல்லை. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பார்த்துவிட்டு, கண்காணித்தால் போதும் என்று விட்டுவிட்டது. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பழைய கதைப்படி முடிவெடுக்கிறது. தாய்லாந்து 1943-இல் தடை செய்தது. அப்போது அபின் வரி அரசுக்குப் பெரிய வருமானம். ஜனங்கள் மரத்திலிருந்து சும்மா பறித்து மென்றால் கஜானாவுக்கு நஷ்டம். உடல்நலத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 2021 ஆகஸ்டில் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் விற்கக்கூடாது.

மலேசியா அபினுக்கான போதைப்பொருள் சட்டத்தில் சேர்க்காமல், மிட்ராகைனினை 1952 விஷப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், நாலு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூரில் அது முதல் வகுப்புப் போதைப்பொருள். அமெரிக்காவில் 2016-இல் மத்திய அரசு தடை செய்யப் பார்த்தது, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. சில மாநிலங்கள் மட்டும் தனியாகத் தடை போட்டிருக்கின்றன.

அதனால் தாய்லாந்தின் ஹாட்யாயில் பில்லோடு வாங்கிய பாட்டிலை வண்டியில் வைத்துக்கொண்டே மலேசிய எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹித்தாம் சோதனைச்சாவடிக்கு வந்துவிடாதீர்கள். அங்கே அந்த பில்லுக்கு மதிப்பில்லை.