தாதுவில் இரும்பு எத்தனை சதவீதம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கஞ்சமலையில் எடுத்த கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தேன். அடியில் வெள்ளை மணல் தங்கிவிட்டது. வடிகட்ட வேண்டுமா?

வேண்டாம். அது குவார்ட்ஸ், அந்த மலையின் மேக்னடைட் குவார்ட்ஸோடு சேர்ந்தே இருக்கும். கறுப்புத் துகள் மிஞ்சினால்தான் கவலை. கொதிக்கவிடாமல் இன்னும் சூடாக்குங்கள்.

கரைப்பதற்கு நைட்ரிக் அமிலம் பயன்படுத்தலாமா?

கூடாது. அது ஆக்சிஜனேற்றி. பிறகு இரும்பைப் பெரஸ் நிலைக்கு ஒடுக்க ஸ்டானஸ் குளோரைடு போட்டு என்ன பயன்?

மெர்குரிக் குளோரைடு ஊற்றியதும் வீழ்படிவு சாம்பல் நிறமானது. அப்படியே பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்தேன். 63 வரவேண்டிய இடத்தில் 66 சதவீதம் வந்தது. ஏன்?

சாம்பல் நிறத்தைக் கண்டதுமே குடுவையை ஒதுக்கியிருக்க வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வருவது நிற்கவில்லை. காரணம் ஒன்றுதான்: ஸ்டானஸ் குளோரைடைப் பிப்பெட்டால் மொத்தமாக ஊற்றுகிறீர்கள். சூடான மஞ்சள் கரைசலில் அதைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் மங்கி, நிறமற்றதாகும்போது இன்னும் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. அதோடு நிறுத்துங்கள்.

பிறகு குழாய் நீரில் குடுவையை நன்றாகக் குளிர்வித்து, மிஞ்சிய ஸ்டானஸை நீக்க மெர்குரிக் குளோரைடு கரைசல் சுமார் 10 மி.லி.யை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். பட்டு போல மின்னும் மெல்லிய வெண்படிவு வந்தால் சரி. வெண்படிவே வராவிட்டால் ஸ்டானஸ் போதவில்லை. ஸ்டானஸ் மிகுந்தாலோ, குளிர்விக்காமல் ஊற்றினாலோ, மெர்குரிக் குளோரைடை மெதுவாக விட்டாலோ பாதரச உலோகமே பிரிந்து சாம்பலாகும். அந்தப் பாதரசமும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். உங்களுக்கு மிகுதியாக வந்த 3 சதவீதம் அதுதான். கழிவைத் தொட்டியில் கொட்டாதீர்கள். தனிப் புட்டியில் சேருங்கள்.

0.25 கிராம் தாதுவுக்கு 28.4 மி.லி. பெர்மாங்கனேட் செலவானது. 12.7 சதவீதம் என்கிறது என் கணக்கு. தாது மட்டமா?

கரைசலின் செறிவு 0.02 என்று எழுதிய நீங்கள், மோலாரா நார்மலா என்று எழுதவில்லை. மோலார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு பெர்மாங்கனேட் ஐந்து பெரஸ் அயனிகளை ஆக்சிஜனேற்றும். அந்த ஐந்தை விட்டுவிட்டீர்கள். 0.02 மோலார் கரைசலில் 1 மி.லி. என்பது ஏறத்தாழ 5.6 மி.கி. இரும்பு. 28.4 மி.லி.க்கு 159 மி.கி.; 250 மி.கி. தாதுவில் அது ஏறக்குறைய 63 சதவீதம். நல்ல ஹெமடைட்தான். சுத்தமான ஹெமடைட்டிலேயே 70 சதவீதத்தைத் தாண்டாது.

இளஞ்சிவப்பு வந்து ஒரு நிமிடத்தில் மறைகிறது. மேலும் விடலாமா?

விடாதீர்கள். 15 முதல் 30 நொடி நின்றால் அதுவே முடிவு நிலை. அதன் பிறகு மறைவதற்குக் காரணம் குளோரைடும் படிவும் மெதுவாக வினைபுரிவது. சில நொடிகளிலேயே மறைந்துகொண்டிருந்தால், சிம்மர்மன்–ரைன்ஹார்ட் கரைசலை ஊற்றினீர்களா என்று பாருங்கள். அதிலுள்ள மாங்கனீஸ் சல்ஃபேட்தான் குளோரைடைக் காப்பாற்றுகிறது. அதே கரைசலிலுள்ள பாஸ்பாரிக் அமிலம் பெரிக் மஞ்சளை மறைத்து முடிவு நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்தக் கரைசலை ஊற்றிய பிறகும் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும்.