பத்து வருட வெல்டிங் வேலையை விசா அதிகாரிக்கு ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி?

கேள்வி: "நான் திருவொற்றியூர், வயசு 32, வெல்டர். 2015 ஜூன்ல இருந்து 2018 மார்ச் வரைக்கும் காலடிப்பேட்டையில ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டு. சம்பளம் கையில. ஓனர் இறந்துட்டாரு, ஷெட்டும் இப்ப இல்ல. 2018 ஜூலையில இருந்து 2021 ஆகஸ்ட் வரைக்கும் மணலியில ஒரு கான்ட்ராக்டர்கிட்ட. பி.எஃப். 2019 ஜனவரியில இருந்துதான் புடிச்சாங்க. 2021 நவம்பர்ல இருந்து எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனி. நாலு வருஷம் தாண்டிடுச்சு. ஆஃபர் லெட்டர்ல 'டெக்னிக்கல் அசிஸ்டென்ட்'னு போட்டிருக்கு. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வேலை விவரத்த சுருக்கமா எழுதித் தரணுமாம். மொத்த வருஷத்துக்கும் ஒரே லெட்டர்ஹெட்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் போட்டுத் தர்றேன், நாப்பதாயிரம் குடுங்கறாரு ஏஜென்ட். வாங்கலாமா சார்?"

பதில்: வாங்காதீர்கள். அந்தக் கடிதம் குற்றம் என்பது ஒரு பக்கம். அது உங்களுக்குத் தேவையே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணி அனுபவத்துக்கான கணக்கைப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வரும் ஃபெடரல் ஸ்கில்டு ஒர்க்கர் பிரிவில் தகுதிக்கு 100க்கு 67 புள்ளிகள் வேண்டும். அதில் அனுபவத்துக்கு ஒரு வருடம் என்றால் 9, இரண்டு மூன்று வருடம் என்றால் 11, நான்கு ஐந்து என்றால் 13, ஆறும் அதற்கு மேலும் என்றால் 15. எண்ணூர் கம்பெனியில் நான்கு வருடம் முடிந்துவிட்டதால் 13 உங்கள் கையில் இருக்கிறது. மூன்று இடத்தையும் சேர்த்தாலும் கூடுவது இரண்டே புள்ளி. அதற்குப் பிறகு அழைப்பு வருமா வராதா என்று முடிவு செய்யும் தரவரிசைக் கணக்கில், கனடாவுக்கு வெளியே பெற்ற அனுபவத்துக்கு மூன்று வருடத்தோடு உச்சவரம்பு. அங்கே பத்து வருடம் காட்டினாலும் நான்கு வருடம் காட்டினாலும் ஒன்றுதான். நாற்பதாயிரம் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது அதிகபட்சம் இரண்டு புள்ளியும் பெரிய ஆபத்தும்.

ஆபத்து எவ்வளவு என்றால், கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் பொய்த் தகவல் தந்தவருக்கு ஐந்து வருடத் தடை உண்டு. இங்கே பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆவது பிரிவு ஆவணம் புனைவதையும், 340ஆவது பிரிவு புனைந்த ஆவணத்தை அசல் என்று பயன்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. தயாரித்தது ஏஜென்ட் என்றாலும் தாக்கல் செய்வது நீங்கள். அதிகாரி கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. 2016 தேதியிட்ட கடிதத்தின் தலைப்பில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், ஆனால் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததே 2017 ஜூலை 1. கடிதம் ஒரு கம்பெனி பெயரைச் சொல்லும், பி.எஃப். பாஸ்புக் வேறு பெயரைச் சொல்லும். கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டாலே விஷயம் முடிந்துவிடும்.

ஆக, உங்கள் சுருக்கத்தின் அடிப்படை ஒன்றுதான். எல்லா வேலையையும் சொல்லுங்கள், நிரூபிக்க முடிந்ததற்கு மட்டும் புள்ளி கேளுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரம் இல்லையென்று காலடிப்பேட்டை ஷெட்டையே மறைத்தாலும் தப்பு. விண்ணப்பத்தில் கடந்த பத்து வருடமும் மாதவாரியாக இடைவெளி இல்லாமல் வர வேண்டும். வேலையில்லாமல் இருந்த மாதத்துக்கு 'வேலையில்லை' என்றே எழுத வேண்டும்.

இனி ஒவ்வொரு இடமாக வருவோம். எண்ணூர் கம்பெனிதான் உங்கள் தூண். அங்கே எச்.ஆரிடம் 'எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்' கேட்டால் 'இன்னார் இன்ன தேதியிலிருந்து பணிபுரிகிறார், நன்னடத்தை உள்ளவர்' என்று மூன்று வரியில் தருவார்கள். அது இதற்கு உதவாது. கடிதம் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சலோடு இருக்க வேண்டும். உங்கள் பெயர், சேர்ந்த தேதி, வகித்த பதவிகள், ஒவ்வொரு பதவியிலும் செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடச் சம்பளம், மற்ற சலுகைகள், இன்னும் வேலையில் இருக்கிறாரா என்பது, கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் வர வேண்டும். உங்கள் நேரடி மேலாளரோ எச்.ஆர். அதிகாரியோ கையெழுத்திடலாம்.

'டெக்னிக்கல் அசிஸ்டென்ட்' என்ற பதவிப் பெயரை மாற்றச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். சம்பளச் சீட்டிலும் ஆஃபர் லெட்டரிலும் அப்படி இருக்க, கடிதத்தில் மட்டும் 'வெல்டர்' என்று வந்தால்தான் சந்தேகம் கிளம்பும். கனடா பார்ப்பது வேலையை. வெல்டருக்கான தொழில் குறியீடு 72106. அதில் சொல்லியிருக்கும் முக்கிய வேலைகளில் கணிசமானவற்றை நீங்கள் உண்மையிலேயே செய்திருக்க வேண்டும். அந்த வரிகளை அப்படியே நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டுவது இன்னொரு பெரிய தவறு. அதிகாரி அந்த வரிகளைத் தினமும் பார்க்கிறவர். உங்கள் பட்டறை மொழியில் சொல்லுங்கள்: டிராயிங் பார்த்து ஜாயின்ட் தயார் செய்வது, கேஸ் கட்டிங், பைப்பில் டிக் வைத்து ரூட் ரன் போட்டு ஆர்க்கில் ஃபில் செய்து கேப் முடிப்பது, எக்ஸ்ரேயில் ரிப்பேர் வந்தால் கிரைண்ட் செய்து மறுபடி வெல்டு வைப்பது. இவற்றை நீங்களே பட்டியலிட்டு மேலாளரிடம் கொடுத்தால் அவர் சரிபார்த்துப் போடுவார்.

மணலி வேலை கொஞ்சம் நுணுக்கமானது. பி.எஃப். பாஸ்புக்கை மாதம் மாதமாகப் பாருங்கள். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில் உங்களுக்குப் பங்களிப்பு ஏறியிருக்காவிட்டால், சம்பளமும் வராத அந்த மாதங்களை அனுபவத்தில் சேர்க்காமல் கழித்துவிடுங்கள். சம்பளம் வாங்கிச் செய்த வேலைக்குத்தான் கணக்கு. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நேரத்தில் தினம் 12 மணி நேரம் வேலை பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டி மாதங்களைக் கூட்டவும் முடியாது, ஏனென்றால் வாரத்துக்கு 30 மணிக்கு மேல் செய்த எதுவும் கணக்கில் ஏறாது.

பாஸ்புக்கில் சம்பளம் 15,000 என்றும் வங்கியில் வந்த தொகை அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். பி.எஃப். உச்சவரம்புத் தொகைக்கு மட்டும் பிடிப்பது வழக்கம் என்பதால் வரும் வித்தியாசம் அது. அப்படி இருந்தால் சுருக்கத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அது முரண்பாடாகத் தெரியும். அந்தக் கான்ட்ராக்டர் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், இரண்டு கம்பெனியில் ஒரே நேரத்தில் வேலை பார்த்த மாதிரி ஆவணம் காட்டும். பி.எஃப். உறுப்பினர் தளத்தில் Manage, அதன் கீழ் Mark Exit போய் நீங்களே சரிசெய்யலாம். கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும்.

கான்ட்ராக்டரிடம் சேவைச் சான்று கேளுங்கள். நீங்கள் அங்கே இருந்த காலத்தில் நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் விதிகள்படி, வேலை முடியும்போது அதைத் தருவது அவர் கடமை. எழுத்தில், பதிவுத் தபாலில் கேளுங்கள். தராவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் மிஞ்சும். அதோடு உங்கள் வெல்டர் தகுதிச் சான்றுகளைத் தேடி எடுங்கள். கொதிகலன் விதிகள்படி தரப்படும் ஐ.பி.ஆர். சான்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. எந்தத் தேதியில், எந்த முறையில், எந்த பொசிஷனில் டெஸ்ட் கொடுத்தீர்கள் என்று அதில் இருக்கும். பி.எஃப். நீங்கள் வேலையில் இருந்ததைத்தான் சொல்லும், இந்தச் சான்று நீங்கள் வெல்டராக இருந்ததைச் சொல்லும். பாஸ்புக் மட்டும் வைத்திருப்பவரைவிட நீங்கள் பல மடங்கு பலமாக நிற்பீர்கள்.

காலடிப்பேட்டை ஷெட்டுக்குப் புள்ளி கேட்காதீர்கள். ஓனரின் மகன் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழைய தேதியில் கடிதம் தர முன்வந்தால் மறுத்துவிடுங்கள். தனக்கு நேரடியாகத் தெரிந்ததை, தன் பெயரில், இன்றைய தேதியில் அவர் எழுதினால் இணைக்கலாம். கூட வேலை பார்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் அப்படியே. இரண்டும் துணை ஆதாரம்தான், முதலாளி கடிதத்துக்கு மாற்று ஆகாது.

இப்போது அந்த ஒரு பக்கம். மேலே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி. நம் ஊரில் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகவும் பி.எஃப்.பில் இனிஷியலாகவும் இருப்பது சகஜம். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எடுத்து, அதை இங்கேயே குறிப்பிடுங்கள். பிறகு கால வரிசையில் இப்படிப் போகட்டும், தாக்கல் செய்யும்போது எளிய ஆங்கிலத்தில்:

ஜூன் 2015 – மார்ச் 2018: வெல்டர், ஃபேப்ரிகேஷன் ஷெட், காலடிப்பேட்டை. சம்பளம் ரொக்கம். உரிமையாளர் காலமானார், தொழில் மூடப்பட்டது. புள்ளி கோரவில்லை.

ஏப்ரல் – ஜூன் 2018: வேலையில்லை.

ஜூலை 2018 – ஆகஸ்ட் 2021: ஒப்பந்ததாரரிடம் பைப் வெல்டர், மணலி. பி.எஃப். ஜனவரி 2019 முதல். ஊரடங்கில் சம்பளம் இல்லாத மாதங்கள் தனியே. இணைப்பு: பாஸ்புக், வங்கி அறிக்கை, வெல்டர் சான்று.

செப்டம்பர் – அக்டோபர் 2021: வேலையில்லை.

நவம்பர் 2021 – இன்று வரை: பதவிப் பெயர் டெக்னிக்கல் அசிஸ்டென்ட், செய்யும் வேலை வெல்டிங், வாரம் 48 மணி. புள்ளி கோருவது இதற்கு. இணைப்பு: முதலாளி கடிதம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பாஸ்புக்.

கீழே கையெழுத்து, தேதி. 'கடின உழைப்பாளி', 'சிறந்த அனுபவம்' மாதிரியான சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். மணலி வரியில் 'புள்ளி கோருகிறேன்' என்று சேர்ப்பது சேவைச் சான்று கையில் வந்த பிறகுதான். வராவிட்டால் அதுவும் காலடிப்பேட்டை மாதிரி வெறும் தகவலாக நிற்கட்டும். இந்தப் பக்கம் விளக்கக் கடிதமாகப் பதிவேறும், படிவத்தில் நிரப்பும் தேதிகளும் இதுவும் ஒரு மாதம்கூடப் பிசகக் கூடாது.

காசு வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் கனடாவுக்கு விண்ணப்பிக்க, அங்கே உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குத்தான் அனுமதி. ஏஜென்டிடம் அந்த உரிம எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

எச்.ஆர். கடிதத்துக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். அழைப்பு வந்த நாளிலிருந்து விண்ணப்பிக்க 60 நாள்தான் அவகாசம். கடிதம் தலைமை அலுவலகம் போய்த் திரும்ப வருவதற்குள்ளேயே அதில் பாதி போய்விடும்.