உயர்சாதி என்று சொல்லி வெள்ளையராக முயன்றவர்

கேள்வி: சிவப்பாக இருப்பவர்கள் உயர்சாதி, அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்; கறுப்பாக இருப்பவர்கள்தான் பூர்வகுடிகள் என்று படித்திருக்கிறேன். இப்போது மரபணு ஆய்வும் அதையே நிரூபித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியானால் சாதி என்பது இனம்தானே?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. எந்த மரபணு ஆய்வும் அப்படி நிரூபிக்கவில்லை. சாதி, வம்சம், நிறம் என்ற மூன்று வேறு சங்கதிகளை ஒரே கயிற்றில் கட்டி வைத்துக்கொண்டு, ஒன்றை இழுத்தால் மற்ற இரண்டும் தானே வந்துவிடும் என்கிறீர்கள். இதே நம்பிக்கையோடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ஒருவர் உண்டு. அவர் கதையைக் கேளுங்கள்.

பகத் சிங் திந்த் பஞ்சாபின் அமிர்தசரஸ் பக்கத்துச் சீக்கியர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே அன்றைய அமெரிக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது. திந்த் ஆப்பிரிக்கர் அல்ல. மிஞ்சியது ஒரே வழி: தாடியும் தலைப்பாகையுமாக நின்ற அந்தப் பஞ்சாபி, தான் வெள்ளையர்தான் என்று காட்டியாக வேண்டும்.

அதற்கு அவர் தரப்பு எடுத்த ஆயுதம் சாதி. அவர் ஓர் ‘உயர்சாதி இந்து’ என்றார்கள். (அன்றைய அமெரிக்கர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த எவரும் இந்துதான், சீக்கியர் உட்பட.) உயர்சாதியினர் வெளியே பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை, ஆகவே அவர்களின் ரத்தம் கலப்பில்லாத ஆரிய ரத்தம், ஆரியர் அன்றைய இனவியல் வகுத்த காக்கேசிய இனத்தவர், காக்கேசியர் என்றால் வெள்ளையர். சாதியிலிருந்து வம்சத்துக்கும் வம்சத்திலிருந்து நிறத்துக்கும் இப்படிப் படியேறினார்கள். அதோடு விட்டார்களா? அமெரிக்கர் நீக்ரோவை எப்படி இளக்காரமாகப் பார்க்கிறாரோ, உயர்சாதி இந்துவும் இந்தியப் பழங்குடியை அப்படித்தான் பார்க்கிறார் என்றும் வாதிட்டார்கள். உங்களைப் போலவே நாங்களும் கீழே இருப்பவரை மிதிக்கிறோம், ஆகவே எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். படிக்கும்போது கூசுகிறது.

அவர்கள் நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருந்தது. மூன்றே மாதங்களுக்கு முன்பு, 1922 நவம்பரில், தகாவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் மனுவை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. ஒசாவா தன் இனத்தவர் பலர் வெள்ளைத் தோல் உடையவர்கள் என்று வாதாடினார். தோலின் நிறம் அளவுகோல் ஆகாது, காக்கேசியரா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். சரி, நாங்கள் காக்கேசியர்தானே என்று திந்த் தரப்பு வந்து நின்றது.

1923 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எழுதியவர் ஒசாவா தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி ஜார்ஜ் சதர்லாண்ட். இப்போது அறிவியல் வகைப்பாடு செல்லாது என்றார். சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவரே வெள்ளையர். ஸ்காண்டிநேவியருக்கும் இந்துவுக்கும் பழங்காலத்தில் பொது மூதாதை இருந்திருக்கலாம், அதனால் என்ன என்று கேட்டார். மொழிக்குடும்பம் ஒன்றாக இருப்பதால் ரத்தம் ஒன்றாகிவிடாது என்றார். சாதிக் கட்டுப்பாடுகளால்கூடக் கலப்பை முழுதாகத் தடுக்க முடியவில்லை என்றும் குறித்தார். வெள்ளையர் வாசலைக் காக்க எழுதப்பட்ட தீர்ப்பு அது. ஆனால் இந்தக் கடைசி இரண்டு விஷயங்களிலும் அவர் சொன்னது சரி. ஒசாவாவுக்கு நிறம் உதவவில்லை, திந்துக்கு வம்சம் உதவவில்லை. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்து அரசு அதைப் பறிக்கத் தொடங்கியது. அப்படி இழந்த வைஷ்ணோ தாஸ் பாகாய் 1928-ல் தற்கொலை செய்துகொண்டார்.

இனி உங்கள் மரபணுவுக்கு வருவோம். ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் ஹார்வர்டு குழுவோடு சேர்ந்து 2009-லும் 2013-லும் வெளியிட்ட ஆய்வுகளைத்தான் பெரும்பாலும் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இந்தியாவில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் இரண்டு பழைய மூதாதைத் தொகுதிகளின் கலப்பு என்பதே அவற்றின் முடிவு. விகிதம் வேறுபடுகிறது. வடமேற்கே போகப் போகவும், பொதுவாக உயர்த்தப்பட்ட சாதிகளிலும், ஒரு தொகுதியின் பங்கு கூடுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குழுக்களின் சராசரி. தூய்மையான எல்லை எங்கும் இல்லை. கலப்பு நடந்தது சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு. அதன் பிறகுதான் சொந்தக் குழுவுக்குள்ளேயே மணக்கும் அகமணம் இறுகியது. அதாவது, இன்றைய சாதிகள் கலந்துபோன மக்களிடையே பின்னால் எழுந்த சுவர்கள். பஞ்சாப் பிராமணருக்கும் சென்னைப் பிராமணருக்கும் என்ன இன உறவு, அவரவர் ஊர்த் தலித்தோடுதானே அவரவர் ஒரே இனம் என்று அம்பேத்கர் 1936-லேயே கேட்டார். சராசரி வித்தியாசம் உண்டு என்பதால் அதை வரிக்கு வரி அப்படியே ஏற்க முடியாது. ஆனாலும் சாதி இனப் பிரிவு அல்ல என்ற அவருடைய முடிவை இந்த ஆய்வுகள் தளர்த்தவில்லை.

சுவர் விட்ட தடயத்தை மரபணுவில் பார்க்க முடியும். ஆந்திர வைசியர் நல்ல உதாரணம். அக்கம்பக்கத்துச் சாதிகளோடு ஒப்பிட்டால் அவர்களின் மூதாதைக் கலவை பெரிதாக வேறுபடவில்லை. ஆனால் மிக நீண்ட காலம் தமக்குள்ளேயே மணந்ததால், அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்தைச் சிதைக்கும் நொதி அவர்களில் சிலருக்குக் குறைவாக இருக்கிறது. சில நிமிடங்களில் நீங்க வேண்டிய மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை செயற்கைச் சுவாசம் தேவைப்படும். சாதி உடம்பில் பதித்தது இந்த மாதிரித் தடயம். மூக்கையும் தோலையும் பார்த்து அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

தோலின் கதை வேறு. நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. அவற்றில் ஒன்றில் ஓரெழுத்து மாற்றம் நிறத்தை வெளிறச் செய்கிறது. ஐரோப்பியரிடமும் நம்மிடமும் இருக்கும் அந்த மாற்றம் ஒரே மூலத்திலிருந்து வந்தது. தென்னிந்தியரிடமும் இலங்கைத் தமிழரிடமும் அது பரவலாக உண்டு. மரபணுவின் எந்தப் பிரதி எந்தப் பிள்ளைக்கு வாய்க்கும் என்பது தற்செயல். அதனால்தான் ஒரே தாய் தகப்பனுக்கு அண்ணன் கறுப்பாகவும் தங்கை சிவப்பாகவும் பிறக்கிறார்கள். இருவருக்கும் வம்சம் ஒன்று, சாதி ஒன்று.

சாதியை நிறமாகவோ இனமாகவோ பார்த்தால் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே மாவட்டத்துக்காரர், ஒரே நிறத்தவர் இருவரில் ஒருவர் அலுவலகத்தில் மற்றவரின் சாதியைத் துருவி அறிந்து ஒதுக்கினால், அதை நிறப் பாகுபாடு என்று எப்படி வழக்குப் போடுவது? இதற்காகவே 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரமன்றம் சாதியைத் தனியாகப் பெயர் சொல்லிப் பாகுபாட்டுத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை ஆளுநர் கவின் நியூசம் நிராகரித்தார். இனம், நிறம், வம்சாவளி முதலியவற்றின் பெயரிலான பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, சாதியும் அதிலேயே அடங்கிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அடங்குமா என்பது, பாதிக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றத்தில் ஏறி நின்று வாதாடும்போதுதான் தெரியும்.