காப்புக் கட்டிய பிள்ளைக்காக மிஸ்ஸுக்கு எழுதும் நாலு வரி

கேள்வி: பையன் நாலாம் வகுப்பு, அரசுப் பள்ளி. ஊர் மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டியிருக்கோம். கையில் கயிறோடு வரக்கூடாதுன்னு பள்ளியில் சொல்றாங்களாம். மிஸ்ஸுக்கு நாலு வரியில் என்ன எழுதிக் கொடுக்கலாம்?

பதில்: நான் ஈரோட்டுப் பக்கம் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பங்குனி, சித்திரையில் பாதி வகுப்பு கையில் மஞ்சள் கயிறோடு வந்து உட்காரும். அதனால் இந்தக் குறிப்பைப் படிக்கிற இடத்திலிருந்து சொல்கிறேன்.

கயிறைப் பார்த்ததும் ஆசிரியர் பயப்படுவது சாமியை நினைத்து அல்ல, சாதியை நினைத்து. மாணவர்கள் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் அணியக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2019 சுற்றறிக்கையில் சொல்லப்பட்ட நிறங்களில் சிவப்பு, பச்சை, காவியோடு மஞ்சளும் உண்டு. ஆகவே 'மஞ்சள் கயிறு கட்டியிருக்கான்' என்று மட்டும் எழுதினால் ஆசிரியரின் சந்தேகம் தீராது.

காப்பைப் பிரித்துக் காட்டுவது அதன் நாள் கணக்குதான். சாதிக் கயிறுக்கு அவிழ்க்கும் தேதி கிடையாது. நோன்புக் காப்பு பூசாரி கட்டும் நாளில் தொடங்கி, திருவிழா முடிந்து மஞ்சள் நீராட்டோடு கழற்றப்படும். அந்த இரண்டு தேதியும் உங்கள் குறிப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆசிரியர் தலைமையாசிரியரிடம் போய், 'இந்த வியாழக்கிழமை வரைக்கும்தான் சார்' என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. பார்வைக்கும் வித்தியாசம் தெரியும். காப்பு மஞ்சளில் தோய்த்த வெறும் பருத்தி நூல், பல ஊரில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கும் சேர்த்துக் கட்டுவார்கள், நாலு நாளில் வெளுத்துவிடும். இரண்டு மூன்று நிறத்தில் பின்னிய கடைக் கயிறையோ ரப்பர் பட்டையையோ அதன் பக்கத்தில் கட்டி அனுப்பாதீர்கள். இரண்டும் ஒரே கையில் இருந்தால் எந்தக் குறிப்பும் உதவாது.

அடுத்தது, சாப்பாடு. இதைப் பெற்றோர் எழுத மறந்துவிடுகிறார்கள். காப்புக் கட்டிய வீட்டில் கவிச்சி கிடையாது, ஆனால் சத்துணவில் தினமும் முட்டை வருகிறது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தட்டில் விழுந்த முட்டையை வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். தின்றுவிட்டு, சாமி குத்தம் ஆகிவிட்டதோ என்று மத்தியானம் முழுக்க அழுத பிள்ளையை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன். முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. ஒரு வரி எழுதியிருந்தால் சத்துணவு அக்காவிடம் சொல்லி மாற்றிவிடுவோம்.

பிறகு, கயிறு அறுந்தால் என்ன செய்வது என்று எழுதுங்கள். கபடியில் ஒரு இழுப்புக்கு அது தாங்காது. இழுத்த பையன் மேல் பழி விழுந்து வகுப்பே இரண்டாகப் பிரியும். 'அறுந்தால் பரவாயில்லை, கோயிலில் மறுபடி கட்டிக்கொள்கிறோம்' என்று பெற்றோர் எழுதியதை நான் சத்தமாக வாசித்துக் காட்டினால் அந்தச் சண்டை அங்கேயே நின்றுவிடுகிறது. பையனிடமும் இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கட்டும்போது கயிறுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். ஈர நூல் இறுகினால் தோல் சிவந்து அரிக்கும். அப்போது அவிழ்க்க ஆசிரியருக்கு அனுமதியும் கொடுத்துவிடுங்கள்.

அனுப்புநர், பெறுநர் எல்லாம் தேவையில்லை. டைரியிலோ ஒரு நோட்டுத் தாளிலோ இப்படி எழுதினால் போதும். தேதிகளை உங்கள் ஊர் நோன்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம் மிஸ். எங்கள் ஊர் மாரியம்மன் நோன்புக்காக மகனுக்கு மார்ச் 25 செவ்வாயன்று வலது கையில் மஞ்சள் நூல் காப்புக் கட்டியிருக்கிறோம். ஏப்ரல் 3 வியாழன் மாலை கோயிலில் அவிழ்த்துவிடுவோம். வெள்ளிக்கிழமை கயிறு இல்லாமல் வருவான். அதுவரை அவனுக்கு முட்டைக்குப் பதில் வாழைப்பழம் கொடுக்கச் சொல்லுங்கள். விளையாட்டில் கயிறு அறுந்தால் பரவாயில்லை, கோயிலில் மறுபடி கட்டிக்கொள்கிறோம். கை அரித்தாலோ இறுக்கினாலோ நீங்களே அவிழ்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்."

கீழே உங்கள் பெயர், போன் நம்பர். சாதி, குலம், கூட்டம் எதையும் எழுதாதீர்கள். எந்தத் தெய்வம், எத்தனை நாள் என்பதற்கு மேல் வகுப்பில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டு, அதற்கான வேண்டுதலாகக் காப்புக் கட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பையனுக்கே வந்திருந்தால், கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அனுப்பக்கூடாது. மஞ்சள் கயிறைப் பார்த்ததும் எங்களுக்கு அந்தச் சந்தேகமும் வரும்.

எழுதும் தொனி பற்றி ஒன்று. 'கழற்றினால் தெய்வக் குற்றம், கட்டாயம் கட்டித்தான் ஆக வேண்டும்' என்று மிரட்டலாக எழுதத் தேவையில்லை. தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மூக்குத்தியோடு பள்ளிக்குப் போனாள். பள்ளி அவளுடைய அம்மாவிடம் விளக்கம் கேட்டது. பெண் பிள்ளை வளர்ந்ததும் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறு வயதில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவார் என்று அம்மா கடிதம் எழுதினார். பள்ளி ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய் 2007-இல் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பானது. கட்டாயம் இல்லாத, விரும்பிப் பின்பற்றும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று நீதிபதிகள் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு நம் ஊர்ப் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தத் தாய் எழுதிய விதத்தை எடுத்துக்கொள்ளலாம்: யார், எப்போது, எதற்காகச் செய்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி.

பூணூலுக்கு இவ்வளவு தேவைப்படாது, அது சட்டைக்குள் இருக்கிறது. நீச்சல் வகுப்போ மருத்துவப் பரிசோதனையோ வரும்போது மட்டும், 'நிரந்தரமாக அணிவது, தயவுசெய்து கழற்றச் சொல்ல வேண்டாம்' என்று எழுதலாம். தாயத்துக்கும் கிட்டத்தட்ட அப்படியே, ஆனால் விளையாடும்போது கழுத்துக் கயிறு ஆபத்து. இடுப்புக்கு மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தலைமையாசிரியர் மணிக்கட்டில் கயிறே கூடாது என்று சொன்னால், பூசாரியிடம் கேட்டுச் சட்டைக் கைக்குள் மறையும்படி மேல்கையில் கட்டச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் இரண்டு மூன்று வீட்டார் அப்படிச் செய்தார்கள், பூசாரி மறுக்கவில்லை. குறிப்பில் 'வலது கையில்' என்பதை 'மேல்கையில், சட்டைக்குள்' என்று திருத்திக் கொடுங்கள்.