தோற்றால் என்ன ஆகும்? இ-ஸ்போர்ட்ஸ் மேட்ச் பார்ப்பவர்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: நான் ஃபைனல் மட்டும்தான் பார்ப்பேன். குரூப் ஸ்டேஜ் பக்கம் போனால் ஒரே நாளில் ஏழெட்டு மேட்ச், எது முக்கியம் என்றே தெரியவில்லை. ஏதாவது வழி உண்டா?

உண்டு. ஒவ்வொரு மேட்சும் தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதில் தோற்கும் டீமுக்கு என்ன ஆகும்? வீட்டுக்குப் போகுமா, இன்னொரு வாய்ப்பு இருக்கிறதா, இல்லை ஒன்றுமே ஆகாதா? இது தெரிந்துவிட்டால் எதை உட்கார்ந்து பார்க்க வேண்டும், எதை வேலை செய்துகொண்டே காதில் போட்டுக்கொண்டால் போதும் என்பது தானாகப் பிரிந்துவிடும்.

ஸ்விஸ் முறையையே எடுத்துக்கொள்வோம். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் உலகப் போட்டியில் 2023இலிருந்து இதுதான், கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பெரிய போட்டியான மேஜரிலும் இதுதான். 16 டீம். மூன்று மேட்ச் ஜெயித்தால் அடுத்த சுற்று, மூன்று தோற்றால் வெளியே. யார் யாரோடு மோதுவது என்றால், அந்த நேரத்தில் ஒரே கணக்கில் நிற்கும் டீம்கள் தங்களுக்குள் மோதும். 1-0இல் இருப்பவர் 1-0காரரோடு, 0-1இல் இருப்பவர் 0-1காரரோடு. முதல் சுற்று முடிந்ததும் எட்டு டீம் 1-0, எட்டு டீம் 0-1. இரண்டாவது முடிந்ததும் நாலு டீம் 2-0, எட்டு டீம் 1-1, நாலு டீம் 0-2. அதுவரை யாரும் உள்ளே போகவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.

மூன்றாவது சுற்றில்தான் சூடு பிடிக்கிறது. இரண்டு டீம் 3-0 என்று முன்னேறும், இரண்டு டீம் 0-3 என்று மூட்டை கட்டும். நாலாவதில் மூன்று உள்ளே, மூன்று வெளியே. மிச்சம் ஆறு டீம் 2-2இல் வந்து நிற்கும். ஐந்தாவது சுற்றில் அந்த ஆறும் மோதி மூன்று பிழைக்கும். மொத்தம் எட்டு உள்ளே, எட்டு வெளியே, 33 மேட்ச். நேரம் இல்லாதவர்கள் அந்தக் கடைசி மூன்று மேட்சை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் கழுத்தில் கத்தி வைத்தது மாதிரி ஆடுவார்கள். ஒரு ஃபைனலில் கூட அந்தப் பதற்றம் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஃபைனலில் தோற்றவருக்கும் இரண்டாம் இடம் இருக்கிறது.

கேள்வி: 2-0 என்று ஆரம்பித்துவிட்டால் கிட்டத்தட்ட உள்ளே போன மாதிரிதானே? அதற்கப்புறம் அந்த டீமைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

2023 உலகப் போட்டியில் ஜி2 ரசிகர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முதல் இரண்டும் ஜெயித்து 2-0, அந்த இரண்டில் ஒன்று வெய்போ கேமிங்கை வீழ்த்தியது. மூன்றாவதில் ஜென்.ஜி-யிடம் தோல்வி. சரி, ஜென்.ஜி பெரிய டீம், போகட்டும் என்றார்கள். நாலாவதில் என்ஆர்ஜி, அதிலும் தோல்வி. இப்போது 2-2. கடைசியில் பிஎல்ஜி-யிடம் 1-2 என்று தோற்று வெளியே போனார்கள். கடைசி மூன்றில் எந்த ஒன்றை ஜெயித்திருந்தாலும் முன்னேறியிருக்கலாம், மூன்றும் கைவிட்டுப் போனது.

அதே நேரத்தில் அவர்களிடம் தோற்ற வெய்போ 2-2 வரை தடுமாறி, கடைசி மேட்சில் ஃப்னாட்டிக்கை வென்று நூலிழையில் உள்ளே வந்து, ஃபைனல் வரைக்கும் போய்விட்டது. அங்கே டி1-இடம் 0-3 என்று தோற்றது வேறு கதை. 2-0இல் நிற்கும் டீமுக்கு அடுத்து வரும் எதிரியும் 2-0இல் நிற்பவர்தான் என்பதை மறக்கக் கூடாது. ஜெயிக்க ஜெயிக்க எதிராளி கடினமாகிக்கொண்டே போவார்.

கேள்வி: ஒரு சின்ன திருத்தம். இரண்டு விளையாட்டையும் ஒரே ஸ்விஸ் என்று சொல்லிவிட்டீர்கள். உலகப் போட்டியில் ஒரே கணக்கில் இருப்பவர்களுக்குள் குலுக்கல் போடுகிறார்கள். மேஜரில் குலுக்கலே கிடையாது, புக்கோல்ஸ் பார்த்துதான் ஜோடி சேர்க்கிறார்கள். பார்ப்பவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லையா?

பெரிய வித்தியாசம்தான், நான் ஒரே மூட்டையாகக் கட்டியது தப்பு. மற்றவர்களுக்காக: நீங்கள் மோதிய டீம்கள் இதுவரை எத்தனை ஜெயித்தன, எத்தனை தோற்றன என்று கூட்டிக் கழித்து வரும் எண்தான் புக்கோல்ஸ். கடினமானவர்களோடு மோதியிருந்தால் அந்த எண் கூடும். ஒரே கணக்கில் நிற்பவர்களில் எண் கூடியவருக்கு எண் குறைந்தவரை எதிராளியாகத் தருவார்கள்.

இதனால் மேஜரில் ஒரு விசித்திரம் நடக்கும். உங்கள் டீமுக்குச் சம்பந்தமே இல்லாத மேட்சில் யார் ஜெயிக்கிறார் என்பது உங்கள் டீமின் அடுத்த எதிராளியை மாற்றிவிடும். முதல் நாள் நீங்கள் தோற்ற டீம் மேலே போகப் போக உங்களுக்கு நல்லது. அதனால் அவர்களுக்கும் சேர்த்துக் கை தட்ட வேண்டியிருக்கும். குலுக்கல் முறையில் இந்தக் கணக்கு கிடையாது, ஆனால் குலுக்கலையே நேரலையில் பார்க்கும் பதற்றம் தனி. எது நியாயம் என்று கேட்டால் எனக்குப் புக்கோல்ஸ் பிடிக்கும். குலுக்கல்தான் நன்றாக இருக்கிறது என்பவர்களோடு பல வருடமாகப் பேசிப் பார்க்கிறேன், அவர்களும் மாறவில்லை, நானும் மாறவில்லை.

கேள்வி: டபுள் எலிமினேஷனில் அப்பர் பிராக்கெட்டில் இருந்து ஃபைனல் வந்த டீமை இரண்டு தடவை தோற்கடிக்க வேண்டும், சரிதானே? ஒரு உயிர் மிச்சம் இருக்கிறதே.

பாதி சரி. இந்த முறையில் எல்லோரும் அப்பர் பிராக்கெட்டில் தொடங்கி, ஒரு தடவை தோற்றால் லோயருக்கு இறங்குவார்கள், இரண்டாவது தடவை தோற்றால் வெளியே. ஈவோ மாதிரி சண்டை விளையாட்டுப் போட்டிகளில் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். லோயரில் இருந்து வந்தவர் ஃபைனலில் ஜெயித்தால் பிராக்கெட் ரீசெட், மறுபடியும் முதலில் இருந்து இன்னொரு செட். அதில் ஜெயித்தால்தான் பட்டம்.

டோட்டா விளையாட்டின் பெரிய போட்டியான தி இன்டர்நேஷனலில் அப்படி இல்லை. 2021இல் புக்கரெஸ்டில் நடந்ததைப் பாருங்கள். டீம் ஸ்பிரிட் அப்பர் பிராக்கெட்டின் முதல் மேட்சிலேயே இன்விக்டஸ் கேமிங்கிடம் தோற்று லோயருக்கு விழுந்தது. அங்கிருந்து ஒரு மேட்ச் தோற்றாலும் முடிந்தது. ஃப்னாட்டிக், ஓஜி, விர்ட்டஸ்.ப்ரோ என்று வரிசையாகத் தாண்டினார்கள். அடுத்து எதிரே வந்தது யார் தெரியுமா, தங்களைக் கீழே தள்ளிய அதே இன்விக்டஸ். அவர்களையும் வென்று, டீம் சீக்ரெட்டையும் வென்று ஃபைனலுக்கு வந்தார்கள். மறுபக்கம் பிஎஸ்ஜி.எல்ஜிடி அப்பரில் ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் வந்து காத்திருந்தது.

ஃபைனல் பெஸ்ட் ஆஃப் ஃபைவ். ஸ்பிரிட் முதல் இரண்டு கேமையும் எடுத்தது, எல்ஜிடி அடுத்த இரண்டையும் எடுத்து 2-2 ஆக்கியது, ஐந்தாவதில் ஸ்பிரிட் கோப்பையைத் தூக்கியது. பிளேஆஃபில் இரண்டு டீமும் தோற்றது ஒவ்வொரு மேட்ச்தான், ஆனால் எல்ஜிடி தோற்ற ஒன்று ஃபைனலாகிப் போனது. இது அநியாயம் என்று சொல்பவர்கள் நிறைய. ரீசெட் வைத்தால் ஃபைனல் எப்போது முடியும் என்றே தெரியாது, ஒரு டோட்டா கேமே ஒரு மணி நேரம் இழுக்கும் என்பது மறுபக்க வாதம். வேலரண்டில் நடுவழியாக, அப்பரில் இருந்து வந்தவருக்கு மேப்பை, அதாவது ஆடும் களத்தை, தேர்வு செய்வதில் சலுகை தருகிறார்கள். ஒரு போட்டியைப் பின்தொடர ஆரம்பிக்கும்போது ஃபைனல் விதியை முதலில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் கொண்டாட்டம் நடக்கும்போது இன்னொரு செட் இருக்கிறது என்று காத்திருப்பீர்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் நாங்களே டபுள் எலிமினேஷன் வைக்கப் போகிறோம். 8 டீம். எத்தனை மேட்ச் வரும்? இரண்டு நாளில் முடியுமா?

கேட்டது பார்ப்பதைப் பற்றி இல்லை என்றாலும் கணக்கு எளிது. பட்டம் வாங்கும் டீமைத் தவிர மற்ற ஏழும் இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே போகும், அதாவது 14 தோல்வி. ஒரு மேட்சுக்கு ஒரு தோல்வி, ஆக 14 மேட்ச். ரீசெட் வைத்து, அது நடந்தும் விட்டால் 15. ரீசெட் இல்லாமல் ஒரே ஃபைனல் என்றால் எல்ஜிடி மாதிரி அப்பர் டீம் ஒரு தோல்வியிலேயே முடிந்துபோகலாம். ஆனால் அப்போது பட்டம் வாங்கியவருக்கும் ஒரு தோல்வி இருக்கும், இரண்டாம் இடத்துக்கு ஒன்று குறையும், கூட்டினால் மறுபடி 14தான். இரண்டு நாளில் முடியுமா என்பது ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தது. லோயரில் இருப்பவர்கள் தொடர்ந்து ஆட வேண்டி வரும், அவர்களுக்கு இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கவுண்டர்-ஸ்ட்ரைக் பார்க்கும்போது சில ரவுண்டில் ஒரு டீம் வெறும் பிஸ்டலோடு ஓடி வந்து சாகிறது. விட்டுக்கொடுக்கிறார்களா?

சேமிக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரும் 800 டாலரோடு தொடங்குவார். ரவுண்ட் ஜெயித்தால் 3250 அளவில் கிடைக்கும். தோற்றால் கிடைப்பது 1400இல் இருந்து, தொடர்ந்து தோற்கத் தோற்க 500 500 ஆக ஏறி 3400 வரை போகும். ஒரு ஏகே-47 2700, ஹெல்மெட்டோடு கவசம் 1000. ஐந்து பேரும் அதை வாங்கப் பணம் இல்லாதபோது, ஆளுக்குக் கொஞ்சம் செலவு செய்து இந்த ரவுண்டையும் தோற்று அடுத்த ரவுண்டிலும் தோற்பதை விட, இதைச் சும்மா விட்டுவிட்டு அடுத்ததில் ஐந்து பேரும் முழு ஆயுதத்தோடு வருவது மேல்.

இதைப் புரிந்துகொண்டால் ஸ்கோரை விட, ரவுண்ட் ஆரம்பத்தில் திரையில் காட்டும் பணத்தைத்தான் முதலில் பார்ப்பீர்கள். 7-4 என்று முன்னால் இருக்கும் டீம் கையில் காசில்லாமல் நிற்கும், பின்னால் இருப்பவர் நிறைய வைத்திருப்பார். அடுத்த இரண்டு ரவுண்ட் எப்படிப் போகும் என்று நீங்களே சொல்லலாம். அப்புறம் அந்தப் பிஸ்டல் டீம் திடீரென்று ஒரு ரவுண்ட் ஜெயித்துவிட்டால் வர்ணனை செய்யும் கேஸ்டர்கள் ஏன் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்பதும் புரியும். எதிரியின் துப்பாக்கிகள் எல்லாம் அந்த ஒரு ரவுண்டில் போய்விடும்.

கேள்வி: மேட்ச் நடப்பது எனக்கு நடு இரவில். காலையில் ரெக்கார்டிங் பார்த்தால் பெஸ்ட் ஆஃப் த்ரீக்கு இரண்டு வீடியோதான் இருக்கிறது, முடிவு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

எனக்கும் பல காலம் இதே தொல்லை. மேப் மேப்பாகப் பிரித்த வீடியோக்களை விட்டுவிடுங்கள். அன்றைய முழு நேரலை ஒரே வீடியோவாக இருக்கும், எட்டு பத்து மணி நேரம் நீளம், அதைத் திறந்து உங்கள் மேட்ச் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போங்கள். நாளின் கடைசி மேட்சாக இருந்தால் மட்டும் மிச்ச நேரம் காட்டிக்கொடுத்துவிடும், அதற்கு நான் திரையின் கீழ்ப் பட்டையை ஒரு காகிதத் துண்டு ஒட்டி மறைத்துவிடுவேன். போட்டி முடிவுகளைத் தொகுக்கும் லிக்விபீடியா தளத்தின் பக்கத்தைப் பார்க்காதீர்கள், பிராக்கெட் நிரம்பித்தான் இருக்கும். அடுத்த நாள் அட்டவணையும் ஆபத்து, அதில் உங்கள் டீமின் பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே போதும். முதலில் மேட்ச், பிறகு அட்டவணை.